அப்பாவுக்கு ஒரு வாரச் சாப்பாடு (அடுக்களைக் கதவில் ஒட்ட)

அம்மா,

நாளைக்கு ராத்திரி ரயிலில் நான் கிளம்பிவிடுவேன். அதற்கு முன் இதை எழுதி முடித்துவிட வேண்டும். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் சாப்பாட்டுக்கு என்று இருந்தது ஒரே வரிதான்: "எண்ணெய், உப்பு, கொழுப்பு குறைக்கவும்." அதைப் படித்துவிட்டு நீ பத்து நாளாக வெறும் கஞ்சியும் அவித்த காயும் கொடுத்தாய். பதினொன்றாம் நாள் அப்பா என்ன செய்தார்? "சும்மா நடந்துவிட்டு வருகிறேன்" என்று தக்கலை முக்குவரை போய் ரெண்டு ரசவடை சாப்பிட்டுவிட்டு வந்தார். உப்புச்சப்பில்லாத சாப்பாடு போட்டால் அவர் வெளியே போய்த்தான் தின்பார். அதனால் வீட்டுச் சாப்பாடு ருசியாக இருந்தே ஆக வேண்டும். அந்தக் கணக்கில்தான் இந்தப் பட்டியல்.

முதலில் தேங்காய்

நம் வீட்டில் பிரச்சினை இறைச்சி இல்லை, தேங்காய். பதினாலு தென்னை நிற்கிற வீடு, நாமே கொப்பரை ஆட்டி எடுக்கிற எண்ணெய், அதை எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பார். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 12 கிராமுக்குள் நிற்க வேண்டும். ஒரு பெரிய ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் மட்டுமே கிட்டத்தட்ட அவ்வளவும் இருக்கிறது. ஆட்டி எடுத்ததா, கடையில் வாங்கியதா என்பதால் அது மாறாது. இந்த வகைக் கொழுப்பு கூடினால் கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து ஈரல் இழுத்துக்கொள்வது குறைந்துபோகும். அப்பாவுக்கு அந்தக் கெட்ட கொலஸ்ட்ரால், எல்.டி.எல்., 148 இருந்தது. அதை 70-க்குக் கீழே கொண்டுவர வேண்டும், 55-க்குக் கீழே என்றால் இன்னும் நல்லது என்றார் டாக்டர். மாத்திரை பாதி வேலையைச் செய்யும், மீதி உன் கையில்.

தேங்காயை அடியோடு நிறுத்த வேண்டாம். இதுவரை அது குழம்பாக இருந்தது, இனி வாசனையாக இருக்கட்டும். அப்பாவுக்குத் துருவிய தேங்காய் ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய ஸ்பூன், அதற்கு மேல் இல்லை. அதில் மூன்றரை கிராம்போல நிறைவுற்ற கொழுப்பு வரும். மூன்று சின்ன ஸ்பூன் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ சேர்த்தால் இன்னும் ரெண்டு கிராம். ஆடை எடுத்த பாலும் மோரும், ஒரு துண்டு மீன். அப்படியும் 12-க்குள் அடங்கிவிடும். குழம்பு இறக்கும்போது சட்டி முழுவதற்கும் அரை சின்ன ஸ்பூன் தேங்காய் எண்ணெய் மேலே விடலாம். மணத்துக்கு அது போதும், அப்பா மூக்கை ஏமாற்றிவிடலாம்.

தாளிக்க, வதக்க கடலெண்ணெய் அல்லது நல்லெண்ணெய். உங்கள் மூன்று பேருக்கும் மாதம் ஒன்றரை லிட்டர். அந்தப் பாட்டில் மாதக் கடைசிவரை வர வேண்டும். 20-ஆம் தேதியே தீர்ந்துவிட்டால் எங்கோ கை நீண்டிருக்கிறது என்று அர்த்தம். தம்பிக்குத் தனியாக, அப்பாவுக்குத் தனியாக என்று சமைக்காதே. ஒரே அடுப்பு, ஒரே சட்டி.

திங்கள்
காலை: சம்பாப் புட்டு, சிறுபயறு கறி, ஒரு மட்டிப்பழம். புட்டுக்குழலில் அடுக்கடுக்காகத் தேங்காய் போடுவாயே, அதை விடு. ரெண்டு முனையிலும் மட்டும் ஒரு சிட்டிகை, நடுவில் துருவிய காரட். தட்டில் தட்டும்போது வெள்ளையாகத் தெரியும், அவருக்கு அது போதும்.
மதியம்: சம்பா அரிசிச் சோறு ஒன்றரைக் கப், உள்ளித் தீயல், முருங்கைக்கீரைத் துவரன் (தேங்காய் இல்லாமல், பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு), மோர்.

தீயலைச் சொல்லிவிடுகிறேன். நீ ஒரு முழுத் தேங்காய் வறுப்பாய். இனி மூன்று பேருக்கும் சேர்த்து நாலு பெரிய ஸ்பூன்தான். இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் தேங்காய், நாலு சின்ன உள்ளி, ஒரு ஸ்பூன் கொத்தமல்லி, அரை ஸ்பூன் நல்லமிளகு, ஆறு வத்தல் எல்லாம் போட்டு, தேங்காய் நன்றாகச் சிவக்கும்வரை சின்னத் தீயில் வறு. கடைசியில் ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை. குழம்பு திக்காவது அதனால்தான், தேங்காய் குறைந்தது தெரியாது. உள்ளியை நல்லெண்ணெய் ரெண்டு சின்ன ஸ்பூனில் வதக்கிப் புளி ஊற்று. வறுப்பதால் தேங்காயின் கொழுப்பு குறைந்துவிடாது, மணம்தான் கூடும். சனிக்கிழமை நான் வைத்தது இதுதான். அப்பா ரெண்டாம் தடவை கேட்டார், நீயே பார்த்தாய்.

இரவு: ரெண்டு சப்பாத்தி, தக்காளிப் பருப்பு.

செவ்வாய்
காலை: மூன்று இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், மல்லித்தழைத் துவையல் (பொட்டுக்கடலை, இஞ்சி, எலுமிச்சைச் சாறு). தேங்காய்ச் சட்னி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்.
மதியம்: சோறு, சாளைக் குழம்பு, வெள்ளரிக்காய்.

சாளையில் எண்ணெய் வழிகிறதே என்று பயப்படாதே. அந்த எண்ணெய் வேறு, இதயத்துக்கு நல்லது. சாளை, அயிலை, நெத்திலி, சூரை இவற்றை வாரத்தில் ரெண்டு மூன்று நாள் தாராளமாக வாங்கு. குளச்சலிலிருந்து வருகிற மீன்காரி அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நெய்மீனுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மூன்று ஸ்பூன் தேங்காயோடு பத்து சின்ன உள்ளியும் ஒரு தக்காளியும் சேர்த்து அரை, குடம்புளி மூன்று துண்டு, மண்சட்டி. காலையிலேயே வைத்துவிட்டால் மதியத்துக்குள் புளி மீனில் இறங்கிவிடும்.

இரவு: கோதுமை ரவைக் கஞ்சி, பயறு, சுட்ட பப்படம் ஒன்று. பப்படம் வாரத்தில் இந்த ஒரு நாள்தான்.

புதன்
காலை: கேப்பைத் தோசை, உள்ளித் துவையல். மதியம்: சோறு, பூசணிக்காய்க் கூட்டு, வாழைப்பூத் துவரன், ரசம். இரவு: இடியாப்பம், கடலைக்கறி. கடலைக்கறிக்குத் தேங்காய்ப் பால் கூடாது. வெந்த கடலையில் ஒரு பிடி எடுத்து அரைத்து அதிலேயே கரைத்துவிடு, சாறு கொழுகொழுவென்று வரும்.

வியாழன்
காலை: ஓட்ஸ் உப்புமா. பெயரைச் சொல்லாதே, ரவை என்றே நினைத்துக்கொள்ளட்டும்.
மதியம்: சோறு, அவியல், பருப்பு ரசம். அவியலுக்கு மூன்று ஸ்பூன் தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், அதோடு புளித்த தயிர் ஒரு கப். தேங்காய் எண்ணெய் கடைசியில் ஒரு சின்ன ஸ்பூன், கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டு உடனே மூடிவிடு. முருங்கைக்காய், சேனை, வழுதலங்காய், மாங்காய்க் கீற்று எல்லாம் போடலாம். வடசேரிச் சந்தைக்குத் தம்பி போகும்போது வாங்கி வரட்டும்.
இரவு: ரெண்டு தோசை, மீந்த அவியல்.

வெள்ளி
காலை: இட்லி, சாம்பார். மதியம்: சோறு, மோர்க்குழம்பு, பீன்ஸ் துவரன், நாரத்தங்காய்க்குப் பதில் இஞ்சியும் எலுமிச்சையும் பிழிந்த வெள்ளரி. இரவு: சப்பாத்தி, காய்க் குருமா (தேங்காய் ரெண்டு ஸ்பூன், கசகசா ஒரு சின்ன ஸ்பூன்).

சனி
அப்பாவுக்குப் பிடித்த நாள். மதியம் அவித்த மரச்சீனிக்கிழங்கு, அயிலைக் குழம்பு. ஆனால் கிழங்கு உண்டென்றால் அன்றைக்குச் சோறு இல்லை. அவருக்குச் சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது, ரெண்டும் சேர்ந்தால் வம்பு. கிழங்கு நாலு துண்டு, பக்கத்தில் ஒரு கப் காய்.
காலை: சிறுபயறு தோசை. இரவு: கஞ்சி, துவையல்.

ஞாயிறு
காலை: ஆப்பம், முட்டைக்கறி (ஒரு முட்டை). இல்லை, ஆப்பம் வேண்டாம், மாவிலேயே தேங்காய் போய்விடும். தோசை, தேங்காய்ச் சட்னி ரெண்டு ஸ்பூன், அவித்த முட்டை ஒன்று.
மதியம்: தோல் நீக்கிய கோழி, நல்லமிளகு போட்டு வறட்டிக் கறி. அல்லது வாழையிலையில் பொதிந்த பாரைமீன்: நல்லமிளகு, பூண்டு, மஞ்சள், எலுமிச்சை தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, தோசைக்கல்லில் ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெயில் இலையோடு சுடு. பொரித்த மீன் ஞாபகமே வராது. மாட்டிறைச்சியும் ஆட்டுக்கறியும் இந்த மூன்று மாதம் வேண்டாம். இறால், கணவாய் எப்போதாவது குழம்பில் போடலாம், பொரிக்கக் கூடாது.

நாலு மணிச் சாயாவுக்கு
இந்த நேரம்தான் ஆபத்து. முக்குக் கடை கூப்பிடுவது அப்போதுதான். சரியாக மூன்றே முக்காலுக்குத் தட்டை முன்னால் வைத்துவிடு: அவித்த கடலை, சுட்ட சோளம், செவ்வாழை பாதி, அல்லது உப்பில்லாத வறுத்த நிலக்கடலை ஒரு சின்னப் பிடி. பாலை ராத்திரியே காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் ஆடை தடித்து நிற்கும், அதை முழுதாக எடுத்துவிட்டுச் சாயா போடு. சீனி அரை ஸ்பூன். கருப்பட்டி நல்லதுதானே என்பார். சர்க்கரைக் கணக்கில் அதுவும் இனிப்புதான், அரை ஸ்பூனுக்கு அரை ஸ்பூன்.

உப்பு
அப்பாவுக்கு ஒரு நாளைக்கு எல்லாவற்றிலும் சேர்த்துத் தட்டையாக ஒரு சின்ன ஸ்பூன், 5 கிராம். கருவாடு, ஊறுகாய் இந்தக் கணக்கை ஒரே வாயில் முடித்துவிடும். உப்பு குறைகிற இடத்தில் புளி, இஞ்சி, நல்லமிளகு, எலுமிச்சை கூட வேண்டும். கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை டாக்டரைக் கேட்காமல் வாங்காதே, அதில் பொட்டாசியம் இருக்கும், அப்பா சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையோடு ஒத்துவராமல் போகலாம்.

பார்க்க வருகிறவர்கள்
நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, பேக்கரி பப்ஸ் இல்லாமல் யாரும் வர மாட்டார்கள். வாங்கிக்கொள், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள், அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு. அலமாரியில் வைத்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவார். பெரியம்மா அனுப்புகிற பூண்டு, இஞ்சி, எலுமிச்சைக் கசாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் சண்டை போடு. ஸ்டென்ட் வைத்தவர், ஒரு நாள் மாத்திரையும் விடக் கூடாது. நெஞ்சு பாரமாக இருந்து வியர்த்தால் வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடு.

சாப்பிட்ட உடனே நடைக்கு அனுப்பாதே, ஒரு மணி நேரமாவது ஆகட்டும். ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ரிசல்ட்டைத் தம்பி போனில் படம் எடுத்து அனுப்பட்டும்.

அளவு ஸ்பூன் ரெண்டும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். பெரியது தேங்காய்க்கு, சின்னது எண்ணெய்க்கு. கண் அளவு வேண்டாம் அம்மா, உன் கண் தாராளக் கண்.