வீட்டு முகவரி மாற்றம்: சேமிப்புக் கணக்கு, டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, லாக்கர் ஆகியவற்றில் பதியக் கோரி

காரைக்குடி,
07.07.2025

அனுப்புநர்:
சித. மெ. வள்ளியப்பன், ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கதவு எண் 27/1, தரைத்தளம், நான்காம் வீதி,
சுப்பிரமணியபுரம், காரைக்குடி 630002

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
நூறடிச் சாலைக் கிளை, காரைக்குடி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கிளையில் எனக்கும் என் மனைவி வ. மீனாட்சிக்கும் கூட்டுச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. கணக்கு எண் 4471 என முடியும். முழு எண்ணைத் தங்கள் படிவத்தில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். பல கைகள் மாறும் கடிதத்தில் அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் முத்துப்பட்டணம் பழைய வீட்டிலிருந்து கடந்த ஜூன் 5-ஆம் தேதி மேலே கண்ட முகவரிக்கு வாடகைக்குக் குடிவந்துவிட்டோம். ஊர் மாறவில்லை. ஆகவே கணக்கு இதே கிளையிலேயே தொடர வேண்டும். என் ஓய்வூதியமும் இந்தக் கணக்கிலேயே வரவாகட்டும். கருவூலத்துக்குத் தனியாக எழுதிக்கொள்கிறேன். மாற வேண்டியது முகவரி மட்டும்தான். ஆனால் அது எல்லா இடத்திலும் ஒன்றுபோல மாற வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில், அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். என் டெபிட் கார்டில் (கடைசி இலக்கங்கள் 9026) 08/25 என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது அடுத்த மாதத்தோடு காலாவதி. புதுக் கார்டு தபாலில் கிளம்பும் காலம் இதுதான். பழைய முகவரிக்கு அது போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த வீடு எங்கள் பங்காளிகள் ஏழு பேருக்குப் பொதுவானது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும். நாங்கள் இருவரும் வெளியேறிய பிறகு அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர் ஒருவருமில்லை. மற்றவர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள், கல்யாணம், காரியம் என்றால் வந்து கதவைத் திறப்பார்கள். தபால்காரர் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டுப் போகும் உறை அடுத்த விசேஷம் வரை அங்கேயே கிடக்கும். மழை பெய்தால் நனையவும் செய்யும்.

எனவே, புதுக் கார்டு இன்னும் அனுப்பப்படவில்லை என்றால் புதிய முகவரிக்கே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தால், அந்தக் கார்டை முடக்கிவிட்டு வேறொன்றைத் தரவும். தபாலில் திரும்பி வந்தால் கிளையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டையுடன் நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன்.

அடுத்தது கிரெடிட் கார்டு (கடைசி இலக்கங்கள் 3158). சேமிப்புக் கணக்கில் முகவரியை மாற்றினால் கிரெடிட் கார்டிலும் தானாக மாறிவிடும் என்று நம்பி, வேறொரு வங்கியில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பில் பழைய இடத்துக்குப் போயிற்று. கெடு தேதி தாண்டியதற்குத் தாமதக் கட்டணமும் கட்டினேன். தவறு என்னுடையதா அவர்களுடையதா என்று இன்றுவரை முடிவாகவில்லை. அந்த அனுபவத்தால்தான் கிரெடிட் கார்டு பிரிவுக்கு உரிய தனிப் படிவத்தையும் நிரப்பி இணைத்திருக்கிறேன். இதை அப்பிரிவுக்கு அனுப்பிவைத்து, சேர்ந்ததா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். காகித பில்லை நிறுத்த வேண்டாம். மின்னஞ்சலில் வருவதை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

லாக்கர் வாடகை அறிவிப்பும் புதிய முகவரிக்கே வர வேண்டும். 2023-இல் முத்திரைத் தாளில் கையெழுத்திட்ட புதிய ஒப்பந்தத்தில் முத்துப்பட்டணம் முகவரிதான் இருக்கிறது. மூன்று ஆண்டு வாடகை செலுத்தப்படாவிட்டால் உரிய அறிவிப்புக்குப் பின் லாக்கரைத் திறக்க வங்கிக்கு உரிமை உண்டு என்பதைப் படித்திருக்கிறேன். எங்கள் வாடகை கணக்கிலிருந்தே பிடித்தமாகிறது என்றாலும், மீனாட்சிக்கு அந்த வரியைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. ஒப்பந்தத்தில் திருத்தம் எழுத வேண்டுமா, இக்கடிதமே போதுமா என்பதைத் தயவுசெய்து சொல்லவும். வைப்புத்தொகைகளுக்கும் இதே முகவரி என்று பதிந்துகொள்ளவும். இந்த ஆண்டுக்கான 15எச் படிவத்தை ஏப்ரலில் பழைய முகவரியிட்டுக் கொடுத்திருந்தேன். அதில் ஏதும் செய்ய வேண்டியிருந்தால் தெரிவிக்கவும்.

இனி ஆதாரங்கள். வாடகை வீடு என்பதால் மின் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கிறது. மாநகராட்சி வரி ரசீதும் அவர் பெயரில்தான். இவற்றைக் கொண்டுவந்து தங்களை அலைக்கழிக்க விரும்பாமல், நோட்டரி சான்றுடன் கூடிய வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி முதலில் ஆதாரிலேயே முகவரியை மாற்றிவிட்டேன். 27.06.2025 அன்று அது புதுப்பிக்கப்பட்டது. ஆவணம் மாறிய 30 நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிப்படி இன்று தருகிறேன். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலில் என் கையெழுத்திட்டிருக்கிறேன், அசலையும் சரிபார்க்கக் கொண்டுவந்திருக்கிறேன். பான் அட்டையில் முகவரி இல்லையாதலால் அதன் நகல் வெறும் அடையாளத்துக்கு மட்டும். மையப் பதிவேட்டில் உள்ள என் 14 இலக்க கேஒய்சி எண்ணுக்கு எதிரேயும் இம்மாற்றத்தைப் பதிவேற்றம் செய்யுமாறு வேண்டுகிறேன். மற்ற நிறுவனங்களிலும் பழைய முகவரி தொடர்வது அப்போதுதான் நிற்கும்.

மனைவியின் ஆதார் திருத்தம் விண்ணப்ப நிலையில் இருக்கிறது. கைரேகை சரியாகப் பதியாததால் இரண்டாம் முறை போக வேண்டியதாயிற்று, அறுபது வருடம் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் தொட்ட கை அது. ஒப்புகைச் சீட்டும், நாங்கள் ஒரே முகவரியில் வசிப்பதாக அவரே கையெழுத்திட்ட உறுதிமொழியும் இணைத்துள்ளேன். புதிய ஆதார் வந்தவுடன் நகல் தருகிறோம். அதற்காக என் பெயரில் உள்ள மாற்றத்தை நிறுத்தி வைக்க வேண்டாம்.

முகவரியைச் சரிபார்க்கக் கடிதம் அனுப்பினாலோ ஆள் வந்தாலோ நல்லதே. நாங்கள் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறோம். ஆங்கிலத்தில் பதிவு செய்யும்போது ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலையே எடுத்துக்கொள்ளவும். 27-க்குப் பின் வரும் சாய்கோடு விட்டுப்போனால் உறை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், இந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை போயிற்று.

கைபேசி எண், மின்னஞ்சல், கையெழுத்து, வாரிசு நியமனம் எதுவும் மாறவில்லை. மாற்றம் பதிவானதும் அந்தக் கைபேசிக்கே குறுஞ்செய்தி வந்தால் போதும். இது குறித்து யாரேனும் தொலைபேசியில் ஓடிபி கேட்டால் சொல்லமாட்டேன் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். உண்மையிலேயே ஐயம் இருந்தால் கிளைக்கு வரச் சொல்லி அழையுங்கள், நடந்தே வந்துவிடும் தூரம்தான்.

இக்கடிதத்தின் மறுபிரதியில் தேதியுடன் முத்திரையிட்டுத் திருப்பித் தர வேண்டுகிறேன். அடுத்த முறை வரும்போது பாஸ்புக்கின் முதல் பக்கத்திலும் புதிய முகவரியை அச்சிட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

சித. மெ. வள்ளியப்பன்
வ. மீனாட்சி

இணைப்பு: முகவரி மாற்றப் படிவம், கிரெடிட் கார்டு தனிப் படிவம், என் ஆதார் நகல், பான் நகல், வாடகை ஒப்பந்த நகல், மனைவியின் ஆதார் விண்ணப்ப ஒப்புகைச் சீட்டு, அவரது உறுதிமொழி.