2026 தை முதல் நடைமுறைக்கு வரும் லீவு மாற்றங்கள்

உள்ளகச் சுற்றறிக்கை
திகதி: 2025.11.03
பெறுவோர்: கிளிநொச்சி அலுவலகம், மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு பால் சேகரிப்பு நிலையங்களின் அனைத்து ஊழியர்களும்

எமது லீவு நடைமுறை 2026.01.01 முதல் மாறுகிறது. வருடாந்த லீவு 14 நாள், அமைய லீவு 7 நாள் என்ற கணக்கு அப்படியே இருக்கும். அது 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் தந்த உரிமை. அதில் யாரும் கை வைக்கவில்லை. மாறுவது லீவு கேட்கும் முறையும், புதிதாகச் சேரும் மூன்று வகை லீவுகளும்தான்.

அரிவு வெட்டு லீவு

கூடுதலான கேள்விகள் இதைப் பற்றியே வந்தன. எங்களில் பாதிப்பேருக்கு வயல் இருக்கிறது. காலபோக வெட்டு தை, மாசியில் வரும். ஆனால் மாடு அதற்காகக் கறவையை நிறுத்தாது. இதுவரை வருடாந்த லீவுக்கு மூன்று கிழமைக்கு முன்னரே எழுதித் தர வேண்டியிருந்தது. வெட்டு மெசின் எந்த நாளில் வரும் என்று மூன்று கிழமைக்கு முன் யாருக்குத் தெரியும்? இனி ஏழு நாளுக்கு முன் சொன்னால் போதும். ஒரேயடியாக ஏழு நாள் எடுக்கலாம். வருடத்தில் ஏழு நாளையாவது தொடர்ச்சியாக எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதும் இதோடு நிறைவேறும்.

ஒரு நிபந்தனை உண்டு. வெட்டுக்கு லீவு வேண்டியவர்கள் மார்கழி 15 இற்குள் நிலையப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுங்கள். திகதி பிறகு மாறினாலும் பரவாயில்லை. ஒரு நிலையத்தில் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் லீவில் நிற்க முடியாது. வட்டாப்பளைப் பொங்கலுக்கும் ஆவணி 15 மடுத் திருவிழாவுக்கும் இதே விதிதான். கோயிலுக்குப் போகிறவரும் மடுவுக்குப் போகிறவரும் ஒருவருக்கொருவர் வேலையை மாற்றிக்கொள்வது ஏற்கெனவே நடப்பதுதான். அதைப் பதிவில் போட்டுவிடுங்கள்.

புதிதாகச் சேர்வன

செத்தவீட்டு லீவு: தாய், தகப்பன், கணவன் அல்லது மனைவி, பிள்ளை, சகோதரர், மாமன், மாமி இறந்தால் சம்பளத்துடன் மூன்று நாள். எட்டுக்கோ அந்தியேட்டிக்கோ, அல்லது நினைவுத் திருப்பலிக்கோ இன்னொரு நாள். அமைய லீவில் கழிபடாது. மரணச் சான்றிதழைப் பிறகு தரலாம். துக்க வீட்டில் நிற்பவரிடம் யாரும் கடிதம் கேட்க வேண்டாம்.

வெள்ள லீவு: வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலோ, வேலைக்கு வரும் பாதை மூடப்பட்டாலோ வருடத்தில் மூன்று நாள் வரை சம்பளத்துடன். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது பட்டதை நினைத்தே இதைச் சேர்த்தோம். கிராம அலுவலரின் உறுதிக் கடிதம் வேண்டும். இரண்டு கிழமைக்குள் தந்தால் போதும்.

தகப்பனாகும் ஊழியருக்கு, பிள்ளை பிறந்து ஒரு மாதத்துக்குள் மூன்று நாள்.

மகப்பேற்று லீவு மாறவில்லை. வார விடுமுறை, பௌர்ணமி, சட்டப்படியான விடுமுறை நாட்கள் சேராமல் 84 நாள். மூன்றாவது பிள்ளைக்கு 42 என்று யாராவது சொன்னால் அது 2018 திருத்தத்துக்கு முந்திய கதை.

அமைய லீவு கேட்பது

அரை நாளும் எடுக்கலாம். முதல் நாள் பின்னேரம் 4 மணிக்கு முன் பொறுப்பாளருக்கு நேரடியாகச் சொல்லுங்கள். திடீர்ச் சுகவீனம் என்றால் காலை 5.30 இற்கு முன் ஒரு அழைப்பு. கூட வேலை செய்பவரிடம் "சொல்லிவிடு" என்று விடுவது இனி அறிவித்ததாகக் கணக்கில்லை. பவுசர் வந்து நிற்கும்போதுதான் ஆள் இல்லை என்று தெரிய வருகிறது.

யாருக்குப் பொருந்தும்

நிரந்தர, ஒப்பந்த ஊழியர் எல்லோருக்கும். முதல் வருடத்தில் இருப்பவருக்கு முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் அமைய லீவு. அவருடைய வருடாந்த லீவு அடுத்த வருடமே கிடைக்கும். பங்குனி முடிவதற்குள் சேர்ந்தவருக்கு 14, ஆனிக்குள் 10, புரட்டாதிக்குள் 7, அதற்குப் பின் 4. நாட்கூலியில் நிற்பவர்களுக்கு வெள்ள லீவும் செத்தவீட்டு லீவும் உண்டு, மற்றவை இப்போதைக்கு இல்லை. தரகுப் பணத்தில் பால் சேர்த்துத் தருபவர்கள் எமது ஊழியர் அல்லாதபடியால் அவர்களுக்கு இது பொருந்தாது.

2025 இல் மிஞ்சிய வருடாந்த லீவை 2026.03.31 வரை எடுக்கலாம். வெட்டுக்கு முதலில் அந்த நாட்களையே கழிப்போம். புதிய 14 அப்படியே மிஞ்சும்.

புதிய லீவுப் படிவம் மார்கழி முதல் கிழமையில் எல்லா நிலையத்துக்கும் வரும். தை 1 இற்குப் பின் பழைய புத்தகத்தில் எழுதியவை ஏற்கப்படமாட்டா. உங்கள் கணக்கில் எத்தனை நாள் மீதம் என்று சந்தேகம் இருந்தால், கார்த்திகைச் சம்பளச் சீட்டின் அடியில் பாருங்கள். பிழை தெரிந்தால் மார்கழி 15 இற்கு முன் கிளிநொச்சி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

மனிதவள முகாமையாளர்