நோன்பு, விரத நாள்களில் சர்க்கரை மருந்தை எந்த வேளையில் எடுப்பது?

பரங்கிப்பேட்டையிலிருந்தும் கடலூர் முதுநகரிலிருந்தும் எங்கள் கிளினிக்குக்கு வரும் பலர், நோன்பு தொடங்கி மயக்கம் வந்த பிறகுதான் மருந்தைப் பற்றிக் கேட்கிறார்கள். ரமலானுக்கு ஆறு வாரம் முன்பே வாருங்கள். வரும்போது மாத்திரை அட்டைகளையும் கொண்டுவாருங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, காலை மாத்திரையை அப்படியே சஹரில் போட்டுக்கொள்வது. கிளிமெபிரைடு போன்ற மாத்திரை, வயிற்றில் உணவு இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். அதன் பின் பதின்மூன்று மணி நேரம் பட்டினி என்றால், பிற்பகலில் சர்க்கரை இறங்கிவிடும். ஆகவே காலை அளவு நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போகும். இரவு அளவைப் பெரும்பாலும் பாதியாக்கிச் சஹருக்குத் தருவோம். மெட்பார்மினும் சேர்ந்த கலவை மாத்திரை என்றால் நீங்களாக உடைத்துப் பாதியாக்காதீர்கள். தனித்தனியாக எழுதித் தருகிறோம்.

மெட்பார்மின் மட்டும் மூன்று வேளை 500 மில்லிகிராம் எடுப்பவர், நோன்பு திறந்ததும் உணவோடு 1000, சஹரில் 500 எடுக்கலாம். டாபாகிளிஃப்ளோசின் சிறுநீரை அதிகமாக்கும்; அதை மாலையில் எடுத்து, இரவு முழுவதும் தண்ணீர் நன்றாகக் குடியுங்கள்.

காலை 20, இரவு 12 யூனிட் கலவை இன்சுலின் போடுபவருக்கு, நோன்பு திறக்கும்போது 20, சஹரில் 6 என்று தொடங்குவது வழக்கம். உங்கள் அளவு வேறாக இருக்கலாம். கேட்காமல் மாற்றாதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள்.

விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது. நண்பகலிலும் மாலை நான்கு மணிக்கும் கட்டாயம் பாருங்கள். 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் நோன்பை அப்போதே விட்டுவிடுங்கள். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு இருந்து கருவி கையில் இல்லை என்றாலும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை இறங்கியிருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். "இன்னும் அரை மணி நேரம்தானே" என்று பொறுத்திருந்தவர்களை நினைவிழந்த நிலையில் தூக்கி வந்திருக்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மனம் ஒப்பாவிட்டால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள்.

வைகுண்ட ஏகாதசிக்கு முழு நாள் உபவாசம் இருப்பவர்கள் அன்று கிளிமெபிரைடைத் தவிர்த்து, மறுநாள் பாரணை முடிந்து வழக்கமான உணவு தொடங்கியதும் எடுக்கலாம். தண்ணீரும் விடுவதாக இருந்தால் டாபாகிளிஃப்ளோசினும் வேண்டாம். கந்த சஷ்டி ஆறு நாளும் ஒருவேளை மட்டும் உண்பவர்கள் முன்கூட்டியே வந்து அளவு கேட்டுக்கொள்ளுங்கள். பாலும் பழமும் மட்டும் உண்டாலும் சர்க்கரை ஏறும் என்பதால் பரிசோதனையை விடாதீர்கள்.

முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள், சிறுநீரகம் பழுதானவர்கள், கடந்த மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள் ஆகியோரை நோன்போ நீண்ட விரதமோ இருக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறோம்.