கை உயர்ந்தபோது

நான் எடுத்த முதல் பல், கீழ்த்தாடையின் இடப்பக்க இரண்டாம் முன்கடைவாய்ப்பல். மேல்பாகம் சொத்தையில் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒற்றை வேர், எக்ஸ்ரேயில் வளைவு ஏதும் தெரியவில்லை. தொடங்குபவனுக்கு ஏற்ற பல் என்றுதான் பேராசிரியர் கொடுத்தார். முந்தைய இரவெல்லாம் அந்தப் பல்லைப் பற்றியே படித்தேன். அதற்கு உரியவரைப் பற்றி யோசிக்கவேயில்லை.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். இரத்த அழுத்தம் சரியாக இருந்தது, சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார், ஒவ்வாமை எதுவும் இல்லை. ஆனால் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். "வலிக்காது அம்மா" என்றேன். "அப்படித்தான் அன்றைக்கும் சொன்னார்கள், தம்பி" என்றார். சிறுவயதில், சரியாக மரத்துப்போகும் முன்பே இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

நான் சொன்னது தவறு என்று அப்போதுதான் உறைத்தது. மரத்துப்போக வைக்கும் ஊசி வலியை அடக்கும், அழுத்தத்தை அடக்காது. அழுத்தம் வரும் என்று சொல்லாமல் விட்டால், முதல் அழுத்தத்திலேயே ஏமாற்றப்பட்டதாகத்தான் அவர் நினைப்பார். எனவே திருத்திச் சொன்னேன்: "அழுத்துவது தெரியும், கூர்மையான வலி இருக்கக் கூடாது. எதுவானாலும் இடக்கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன்."

மரத்துப்போக வைக்கும் மருந்தான லிக்னோகெய்னை மெதுவாகச் செலுத்தினேன். ஊசி இரத்தக் குழாயில் இல்லை என்று முதலில் இழுத்துப் பார்த்தபோது என் விரல்தான் நடுங்கியது. கீழுதட்டில் பாதி தடித்ததுபோல் இருக்கிறது என்று அவர் சொல்லும்வரை காத்திருந்தேன். பிறகு ஈறை ஊசிமுனைக் கருவியால் தொட்டுச் சோதித்து, பல்லை நெம்பித் தளர்த்தும் எலிவேட்டரை எடுத்தேன்.

ஃபோர்செப்ஸில் பிடித்துச் சுழற்றத் தொடங்கியதும் பல் இளகியது. அந்த உணர்வை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை; இறுகிய எலும்பு திடீரென விட்டுக்கொடுக்கிறது. சரியாக அப்போது அவருடைய கை உயர்ந்தது.

நான் உடனே நிறுத்தவில்லை. ஒரு நொடிதான் இருக்கும். இன்னும் ஒரு சுழற்சி, முடிந்துவிடும் என்று மனம் கணக்குப் போட்டது. பேராசிரியர் ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைத் தொட்டார். ஃபோர்செப்ஸை வெளியே எடுத்தேன்.

அவருக்கு வலியில்லை, எச்சில் தேங்கி மூச்சு முட்டியிருந்தது. உறிஞ்சுகுழாயை வைத்ததும் தலையசைத்தார். அரை நிமிடத்தில் பல் முழுதாக வந்தது, வேர்நுனி உட்பட. ஆனால் அந்த ஒரு நொடி மட்டும் இன்னும் என்னை விடவில்லை. சிறுவயதில் அவர் கையைப் பிடித்தவர்களும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.

பஞ்சுத்துணியைக் கடிக்கக் கொடுத்து, அரை மணி நேரம் எடுக்கக் கூடாது, இன்று முழுதும் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது என்று வேகவேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் திறக்க முடியாமல் இடக்கையைத் தூக்கினார். பாதி வார்த்தையில் நிறுத்தினேன். நாற்காலியை நிமிர்த்தச் சொல்லிச் சைகை காட்டினார். நிமிர்த்தினேன்.