திரையும் கண்ணும்: இருபது நொடி இடைவேளை

கோயம்புத்தூரில் கண்பார்வையைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்டாகப் பணியாற்றும் என்னிடம், கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் இளம்பெண் சென்ற வாரம் வந்து, மாலை ஆனதும் கண் எரிவதாகவும், தொலைவில் வரும் பேருந்தின் எண் சற்று நேரம் மங்கலாகத் தெரிவதாகவும் சொன்னார். பரிசோதித்ததில் அவருக்குப் பார்வைக் குறைபாடு எதுவும் இல்லை.

சாதாரணமாக நிமிடத்திற்குப் பதினைந்து முறை போல இமைக்கும் நாம், திரையில் ஆழ்ந்திருக்கும்போது அதில் பாதிக்கும் குறைவாகவே இமைக்கிறோம். அந்த இமைப்பும் பெரும்பாலும் முழுமையாக மூடுவதில்லை என்பதால் கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிச்சல் உண்டாகிறது. அருகில் உள்ளதைத் தெளிவாகக் காட்டுவதற்காக விழிக்குள் இருக்கும் சிறு தசை மணிக்கணக்கில் இறுகியே இருந்துவிட்டு, உடனே தளர முடியாமல் போவதே அந்த மங்கலுக்குக் காரணம்.

அவருக்கு நான் மருந்து எழுதவில்லை. 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 நொடி பார்க்கும்படியும், அப்போது இமைகளை முழுதாக மூடித் திறக்கும்படியும் கேட்டுக்கொண்டேன். அவருடைய மேசைக்கு எதிரே சன்னலும் வேப்பமரமும் இருக்கின்றனவாம். அதைவிட நல்ல இலக்கு வேண்டியதில்லை. ஏசிக் காற்று முகத்தில் நேராகப் படாமலும், திரை கண்மட்டத்திற்குச் சற்றுக் கீழேயும் இருக்கட்டும்.

திரையின் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா என்றும் கேட்டார். கண் சோர்வை அது குறைப்பதாக நம்பத்தகுந்த சான்று இல்லாததால், வேண்டாம் என்றேன். இடைவேளை எடுத்தும் தலைவலியோ இரட்டைப் பார்வையோ நீடித்தால், தயவுசெய்து தள்ளிப்போடாமல் பரிசோதனைக்கு வாருங்கள்.