தரக்குறைவான 12 மி.மீ. கம்பிகளை மாற்றித் தரக் கோரும் கடிதம்

முசிறி,
19 நவம்பர் 2025

அனுப்புநர்
மு.செ.,
வீடு கட்டுபவர், முசிறி,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்
உரிமையாளர் அவர்கள்,
இரும்பு, சிமெண்ட் விற்பனை நிலையம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: 05.11.2025 அன்று இறக்கப்பட்ட 12 மி.மீ. டி.எம்.டி. கம்பிகள் 140 எண்ணிக்கை தரக்குறைவாக இருத்தல் – மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

பார்வை: தங்கள் பில் எண் 1174, நாள் 05.11.2025; 11.11.2025 அன்று தொலைபேசியில் தெரிவித்த புகார்.

ஐயா,

முசிறியில் நான் கட்டிவரும் வீட்டின் மேல்தளத்திற்காக 03.11.2025 அன்று தங்கள் கடைக்கு நேரில் வந்து, ஐ.எஸ். 1786 தரநிலைக்கு உட்பட்ட எஃப்.இ. 500டி தரக் கம்பிகள் வேண்டும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி ஆர்டர் கொடுத்தேன். 8 மி.மீ. 105, 12 மி.மீ. 140, 16 மி.மீ. 52 என எண்ணிக்கைக் கணக்கில், மீட்டருக்கான தரநிலை எடையை 12 மீட்டர் நீளத்தால் பெருக்கி, மொத்தம் 2,976 கிலோ, கிலோ 62 ரூபாய் வீதம் வரி உட்பட ரூ. 1,84,512 என்று பில் போட்டீர்கள். முன்பணமாக ரூ. 50,000 அன்றே வங்கிக் கணக்கில் செலுத்தினேன், மீதி ரூ. 1,34,512-ஐ லோடு இறங்கிய அன்று மாலை செலுத்திவிட்டேன். தங்களுக்கு நான் தர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை.

லோடு வந்தபோது மழை பிடித்துக்கொண்டதால் எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்து டெலிவரி சலானில் கையெழுத்திட்டோம். 10.11.2025 அன்று பீம் வேலையைத் தொடங்கிய கம்பி மேஸ்திரி, 12 மி.மீ. கம்பியை முனையில் கொக்கி வளைக்கும்போது வளைவின் வெளிப்புறத்தில் கீறல் விடுவதைக் கண்டு வேலையை நிறுத்திவிட்டார். அதையும் சேர்த்து அடுத்தடுத்து ஆறு கம்பிகளை வளைத்துப் பார்த்ததில் நான்கில் அதே கீறல் வந்தது. அதன் பிறகுதான் கம்பிகளைக் கூர்ந்து பார்த்தோம். தாங்கள் அனுப்பிய 16 மி.மீ., 8 மி.மீ. கம்பிகளில் உற்பத்தியாளரின் பெயரும் தரமும் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. 12 மி.மீ. கம்பிகளிலோ எந்த எழுத்தும் இல்லை. கட்டுகளில் தொங்க வேண்டிய தகர அடையாள அட்டையும் இல்லை. ஒரே பில்லில், ஒரே லாரியில் வந்த சரக்கில் இந்த ஒரு அளவு மட்டும் வேறு எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது என்பதே என் முடிவு.

பொறியாளரின் முன்னிலையில் வேறு பத்துக் கம்பிகளிலிருந்து தலா ஒரு மீட்டர் துண்டு வெட்டி, மின்னணுத் தராசில் எடை போட்டோம். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்க வேண்டும். பத்துத் துண்டுகளின் சராசரி 0.806 கிலோதான் வந்தது. மிகக் குறைந்தது 0.792 கிலோ. அதாவது சராசரியில் 9.2 சதவீதம் குறைவு. இந்த அளவுக் கம்பிக்குத் தரநிலை அனுமதிக்கும் குறைவு மொத்தத் தொகுதிக்கு 5 சதவீதமும் தனித்த மாதிரிக்கு 6 சதவீதமுமே. அதே தராசில் 16 மி.மீ. கம்பியின் சராசரி 1.55 கிலோ வந்தது. இருக்க வேண்டிய எடை 1.58 கிலோ, எனவே அது வரம்புக்குள் உள்ளது. 8 மி.மீ. கம்பியும் அவ்வாறே சரியாக இருந்தது. ஆகவே தராசின் மேல் பழி சொல்ல இடமில்லை. அந்த இரு அளவுகள் குறித்து எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

12 மி.மீ. கம்பியின் மூன்று மாதிரிகளைத் திருச்சியில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்திற்கு அனுப்பி, 17.11.2025 அன்று அறிக்கை பெற்றேன். நெகிழ்வுத் தகைவு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 438, 442, 431 நியூட்டன் என வந்துள்ளது. 500-க்குக் குறையக் கூடாது. நீட்சி சராசரி 11 சதவீதம்; 500டி தரத்திற்கு 16 சதவீதமாவது வேண்டும். கம்பியின் குறுக்குப் பரப்பும் குறைந்து, வலிமையும் குறைந்திருப்பதால், வரைபடத்தில் பொறியாளர் கணக்கிட்ட இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானது இந்தக் கம்பியில் குறைகிறது. அந்தத் தளத்தின் கீழே உறங்கப் போவது என் பெற்றோரும் பிள்ளைகளும். இந்தக் கம்பியைப் பீமில் கட்ட நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

11.11.2025 அன்று நான் தொலைபேசியில் பேசியபோது, "எல்லாக் கம்பியும் கொஞ்சம் எடை குறைந்துதான் வரும், வேண்டுமானால் எடைக்கு உரிய பணத்தைக் கழித்துக்கொள்ளலாம்" என்று தங்கள் மேலாளர் கூறினார். 140 கம்பிகளுக்கும் சேர்த்துக் குறையும் எடை ஏறத்தாழ 138 கிலோ. அதன் விலை சுமார் ரூ. 8,540. அந்தத் தொகையை வாங்கிக்கொண்டு கம்பியை வைத்துக்கொள்வது தீர்வாகாது. தொகை கைக்கு வந்தாலும் கம்பியின் வலிமை கூடாது. மழையில் துருப்பிடித்து எடை குறைந்திருக்கும் என்றும் அவர் சொன்னார். கம்பிகள் மரக்கட்டைகளின் மேல் தார்ப்பாயால் மூடி வைக்கப்பட்டிருந்தன. ஐந்து நாளில் படியும் மேல் துரு நூற்றுக்கு ஒன்பது பங்கு இரும்பைத் தின்றுவிடாது. மேலும், பக்கத்திலேயே கிடந்த 16 மி.மீ. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனவே, 12 மி.மீ. கம்பிகள் 140-ஐயும் ஏற்க மறுக்கிறேன் என்பதை இக்கடிதத்தின் வழியாக முறைப்படி தெரிவிக்கிறேன். 26.11.2025-க்குள் இவற்றைத் தங்கள் செலவில் எடுத்துச் சென்று, உற்பத்தியாளர் முத்திரையும் ஐ.எஸ்.ஐ. குறியும் உள்ள 500டி தரக் கம்பிகள் 140-ஐ, கட்டு அட்டையில் உள்ள வார்ப்பு எண்ணுடன் பொருந்தும் ஆலைச் சோதனைச் சான்றிதழோடு அனுப்ப வேண்டுகிறேன். இம்முறை எடைமேடைச் சீட்டும் உடன் வர வேண்டும்; துண்டு வெட்டி எடை பார்த்த பிறகே சரக்கை இறக்க அனுமதிப்பேன். அது இயலாதெனில், 1,492.4 கிலோவுக்கு நான் செலுத்திய ரூ. 92,529-ஐ அதே நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்தி, உரிய வரவுக் குறிப்பையும் தாருங்கள். இரண்டில் எதுவானாலும், ஆய்வகக் கட்டணம் ரூ. 3,600-ஐயும், கான்கிரீட் போட நாள் குறித்திருந்த 13.11.2025 முதல் சும்மா நிற்கும் சென்ட்ரிங் பலகை, முட்டுகளுக்கான வாடகையை நாளொன்றுக்கு ரூ. 850 வீதம் மாற்றுக் கம்பி வரும் நாள் அல்லது பணம் திரும்பும் நாள் வரையிலும் தாங்களே ஏற்க வேண்டும்.

மேஸ்திரி வளைத்த ஆறும், மாதிரி வெட்டிய பத்தும் தவிர, 124 கம்பிகள் தொடாமல் தார்ப்பாய்க்குள் உள்ளன. வெட்டிய துண்டுகளும் பெயரிட்டுத் தனியே வைக்கப்பட்டுள்ளன. தங்கள் ஆள் எந்த நாளில் வந்தாலும் அவர் முன்னிலையில் மீண்டும் எடை போட்டுக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

சொன்ன விவரத்துக்குப் பொருந்தும் பொருள்தான் வர வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 15-ஆம் பிரிவில் உள்ளது. குறித்த நாளுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், முத்திரையில்லாத கம்பி விற்பனை குறித்து இந்திய தர நிர்ணய அமைவனத்திலும் புகார் அளிப்பேன். அடித்தளத்திற்கான கம்பியும் சிமெண்டும் தங்களிடம்தான் வாங்கினேன். அவற்றில் குறை எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் வேறு எங்கும் செல்லும் முன் தங்களுக்கு எழுதுகிறேன். தங்கள் பதிலை எழுத்து வடிவில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மு.செ.

இணைப்பு: பில், டெலிவரி சலான், வங்கிப் பரிமாற்றச் சான்று ஆகியவற்றின் நகல்கள், பொறியாளர் கையெழுத்திட்ட எடைப் பதிவு, ஆய்வக அறிக்கையின் நகல், கீறல் விட்ட கம்பிகளின் புகைப்படங்கள் நான்கு.