வீட்டு பேக்கரி அடக்க விலைத் தாள் (கோவை, நவம்பர் திருத்தம்)

அக்கா, இந்தத் தாளில் மூன்று பக்கங்கள்: விலை, செய்முறை, அடக்கம். வழக்கமாக நீங்கள் கை வைக்க வேண்டியது விலைப் பக்கத்தின் D பத்தியில் மட்டும். கடைக்குப் போய் வந்ததும் பில்லைப் பார்த்து அங்கே எண்ணை மாற்றினால் போதும், அடக்கமும் மார்ஜினும் தானாக மாறிவிடும்.

பக்கம் 1: விலை

| A பொருள் | B அளவு | C போன விலை (₹) | D இன்றைய விலை (₹) | E ஒரு அலகு (₹) |
|---|---|---|---|---|
| மைதா | 1000 கி | 50 | 52 | 0.052 |
| சர்க்கரை | 1000 கி | 46 | 46 | 0.046 |
| வெண்ணெய் (உப்பில்லாதது) | 500 கி | 290 | 320 | 0.64 |
| முட்டை | 30 | 180 | 210 | 7 |
| டார்க் சாக்லேட் | 500 கி | 190 | 215 | 0.43 |
| கோகோ பவுடர் | 250 கி | 220 | 260 | 1.04 |
| பால் | 500 மிலி | 25 | 25 | 0.05 |
| ஈஸ்ட் | 100 கி | 60 | 60 | 0.60 |
| பன் மசாலா | 1 தட்டுக்கு | 18 | 18 | 18 |

மேலே அலகு போட்டிருப்பது புரிவதற்காக, தாளின் B பத்தியில் எண் மட்டும் இருக்கட்டும். "கி" என்று சேர்த்து அடித்தால் வகுத்தல் நின்றுவிடும். E பத்தியின் வாய்பாடு:

```
=D2/B2
```

ஃப்ரிட்ஜில் 290 ரூபாய்க்கு வாங்கிய வெண்ணெய் இன்னும் இரண்டு பாக்கெட் இருக்கிறதே என்று பழைய விலையை விட்டுவைக்க வேண்டாம். அது தீர்ந்ததும் 320 கொடுத்துத்தான் வாங்கப் போகிறோம், அதனால் இன்றைக்கே 320 போடுங்கள். ஆஃபரில் கிடைத்த விலையையும் இங்கே ஏற்றாதீர்கள். அடுத்த முறை அது இருக்காது. முட்டை விலை நாமக்கல்லில் அடிக்கடி மாறும். ஒவ்வொரு பைசாவுக்கும் தாளைத் திறக்க வேண்டியதில்லை, தட்டு வாங்கும்போது பில்லில் உள்ளதை எழுதுங்கள்.

பக்கம் 2: செய்முறை (ஒரு தடவை சுடுவதற்கு)

| பண்டம் | வருவது | பொருள்கள் |
|---|---|---|
| பிரவுனி | 8 துண்டுப் பெட்டி 2 | வெண்ணெய் 150, சாக்லேட் 200, சர்க்கரை 200, முட்டை 3, மைதா 100, கோகோ 30 |
| வெனிலா ஸ்பாஞ்ச் | அரை கிலோ 1 | வெண்ணெய் 100, சர்க்கரை 150, மைதா 150, முட்டை 3, பால் 50 |
| பட்டர் பிஸ்கட் | 225 கிராம் பாக்கெட் 4 | மைதா 500, வெண்ணெய் 300, சர்க்கரை 200 |
| மசாலா பன் | 10 | மைதா 500, சர்க்கரை 40, வெண்ணெய் 40, ஈஸ்ட் 8, மசாலா 1 |

பிஸ்கட்டுக்கு ஒரு கிலோ மாவு பிசைந்தாலும் ஈரம் போய் 900 கிராம்தான் கையில் நிற்கும். அதனால்தான் நான்கு பாக்கெட், 225 கிராம் வீதம்.

மேலே சுருக்கிக் காட்டியிருப்பது தாளில் ஒரு பொருளுக்கு ஒரு வரி என்று இருக்கும்: A பண்டம், B பொருள், C அளவு. D பத்தியில்:

```
=C2*VLOOKUP(B2,'விலை'!$A$2:$E$20,5,FALSE)
```

பொருளின் பெயர் இரண்டு பக்கத்திலும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் "கோகோ" என்றும் இன்னொரு இடத்தில் "கோகோ பவுடர்" என்றும் இருந்தால் `#N/A` என்று கத்தும். கத்தட்டும், வேண்டுமென்றேதான் அதை மறைக்கவில்லை. சத்தமில்லாமல் பூஜ்யம் போட்டால் கோகோ ஓசியில் வந்த மாதிரி கணக்கு ஆகிவிடும்.

பக்கம் 3: அடக்கம்

முதலில் பொருள் தவிர்த்த செலவு, ஒரு தடவைக்கு (₹):

| பண்டம் | சில்லறை | கரண்ட் | கூலி | பெட்டி, கவர் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| பிரவுனி | 6 | 12 | 80 | 36 | 134 |
| ஸ்பாஞ்ச் | 6 | 10 | 70 | 24 | 110 |
| பிஸ்கட் | 4 | 16 | 150 | 24 | 194 |
| பன் | 3 | 10 | 120 | 10 | 143 |

சில்லறை என்பது எசென்ஸ், பேக்கிங் பவுடர், உப்பு, பட்டர் பேப்பர். கரண்ட் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தது. கூலி மணிக்கு 120, அதாவது நிமிடத்துக்கு 2 ரூபாய். கை வேலை செய்யும் நேரம் மட்டும், மாவு உப்பும் நேரம் சேராது. நம் வேலைக்கு எதற்குக் கூலி என்று கேட்பீர்கள். லாபம் கடைக்கு, கூலி நமக்கு. இரண்டையும் கலந்தால் ஒரு பண்டம் உண்மையில் சம்பாதிக்கிறதா என்றே தெரியாது.

பொதுவான எண்கள் ஓரத்தில்: L1 சேதாரம் 4%, L2 அடக்கத்தின் மேல் சேர்ப்பது 35%, L3 குறைந்தபட்ச மார்ஜின் 23%, L4 எச்சரிக்கை 25%.

A செய்முறைப் பக்கத்தில் உள்ளபடியே பண்டத்தின் பெயர், B பொருள் செலவு, C மேலே உள்ள மொத்தம், D எத்தனை வரும், E ஒன்றின் அடக்கம், F விற்கும் விலை, G மார்ஜின், H கணக்கு சொல்லும் விலை, I குறிப்பு. வாய்பாடுகள் B, E, G, H, I என்ற வரிசையில்:

```
=SUMIF('செய்முறை'!$A$2:$A$60,A2,'செய்முறை'!$D$2:$D$60)
=(B2*(1+$L$1)+C2)/D2
=(F2-E2)/F2
=CEILING(E2*(1+$L$2),IF(E2<50,5,10))
=IF(G2<$L$3,"விலை ஏற்று",IF(G2<$L$4,"கவனி","சரி"))
```

35% சேர்த்தோம், மார்ஜின் ஏன் 26% அளவில் காட்டுகிறது என்று குழம்ப வேண்டாம். 35 என்பது அடக்கத்தின் மேல். மார்ஜின் விற்கும் விலையில் எத்தனை பங்கு என்பது. 100 ரூபாய் அடக்கத்தை 135க்கு விற்றால் 35ஐ 135ஆல் வகுக்க வேண்டும், 25.9% வரும்.

F பத்தியில் வாய்பாடு கிடையாது, கையால் எழுதுவது. அடக்கம் தானாக மாறலாம், விலை தானாக மாறக் கூடாது.

| பண்டம் | பழைய அடக்கம் | புது அடக்கம் | விற்கும் விலை | பழைய மார்ஜின் | புது மார்ஜின் | கணக்கு விலை | குறிப்பு |
|---|---|---|---|---|---|---|---|
| பிரவுனி பெட்டி | 182.23 | 196.27 | 250 | 27.1% | 21.5% | 270 | விலை ஏற்று |
| ஸ்பாஞ்ச் அரை கிலோ | 206.62 | 216.29 | 280 | 26.2% | 22.8% | 300 | விலை ஏற்று |
| பிஸ்கட் பாக்கெட் | 102.63 | 107.57 | 140 | 26.7% | 23.2% | 150 | கவனி |
| மசாலா பன் | 21.88 | 22.23 | 30 | 27.1% | 25.9% | 35 | சரி |

பிரவுனிதான் அதிகம் அடிவாங்கியது. ஒரு தடவைக்கு ஏறிய 27 ரூபாயில் சாக்லேட்டும் கோகோவும் சேர்ந்து 14.80, வெண்ணெய் 9. வெண்ணெயைக் குறைத்து ஈடுகட்டலாம் என்று தோன்றும். வேண்டாம், வாங்குபவர்கள் முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். 270 ஆக்கினால் மார்ஜின் 27.3%.

ஸ்பாஞ்ச் 300 ஆனால் 27.9%. பிறந்தநாள் ஆர்டரில் 20 ரூபாய் யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

பிஸ்கட் நூலிழையில் தப்பியிருக்கிறது. வெண்ணெய் பாக்கெட் இன்னும் 2 ரூபாய் ஏறினாலே 22.9% ஆகி "விலை ஏற்று" வந்துவிடும். இப்போதைக்கு 140லேயே இருக்கட்டும், வெண்ணெய் பில் வரும்போதெல்லாம் அந்த வரியை மட்டும் பாருங்கள்.

பன் வரியில் H பத்தி 35 என்று சொல்வதை நம்பாதீர்கள். 35% சேர்த்தால் 30 ரூபாய் 1 பைசா வருகிறது, அந்த ஒரு பைசாவுக்காக CEILING அடுத்த ஐந்துக்குத் தாவுகிறது. I பத்தி "சரி" என்று இருக்கும்வரை H பத்தியைப் பார்க்கவே வேண்டாம்.

புது விலை வரும் திங்கள் முதல். ஏற்கெனவே முன்பணம் வாங்கிய ஆர்டர்களுக்குப் பழைய விலைதான். F பத்தியில் பிரவுனிக்கு 270, ஸ்பாஞ்சுக்கு 300 என்று திங்கள் காலை மாற்றிவிட்டு, விலைப் பக்கத்தில் D எண்களை C பத்திக்கு "மதிப்பு மட்டும்" என்று ஒட்டிவிடுங்கள். அப்புறம் வாட்ஸப் குழுவில் இதைப் போடலாம்:

"வணக்கம். வெண்ணெய், சாக்லேட், முட்டை விலை ஏறியிருப்பதால் திங்கள் முதல் பிரவுனி பெட்டி (8 துண்டு) ₹270, வெனிலா ஸ்பாஞ்ச் அரை கிலோ ₹300. பிஸ்கட், மசாலா பன் விலையில் மாற்றம் இல்லை. முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பழைய விலையே."